நடுவிலிருந்து மூலைக்கு

சென்ற பதிவில் சுரங்கத்து நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார்: "நீங்கள் வெல்டிங்கில் 36 வருஷம் இருந்தவர். என் வீட்டு மாடிக் கதவு இரும்புத் தகட்டுக் கதவு. கையால் அழுத்தினால் டொப்பு டொப்பு என்று உள்ளே போய் வெளியே வருகிறது. கீழ் மூலை சட்டத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. ஏன் சார் இப்படி?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதிலோடு சேர்ந்து ஒரு சின்னக் குற்ற உணர்வும் இருக்கிறது. இரண்டையும் இன்று எழுதிவிடுகிறேன்.

2011 டிசம்பர் 30 நம் பகுதிக்காரர்கள் யாருக்கும் மறக்காது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. கூரைகள் பறந்தன, கதவுகள் பெயர்ந்தன. டவுன்ஷிப்புக்குள் நாங்கள் மரம் விழுந்த சாலைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் மகன் டவுன்ஷிப்புக்கு வெளியே சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். புயலுக்குப் பிறகு அவனுக்கு மூச்சு விட நேரமில்லை. கேட், கிரில், ஷெட், கதவு என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சாயங்காலம் நடை போகும்போது அங்கே பத்து நிமிடம் உட்காருவது என் பழக்கம். வெல்டிங் புகை வாசனை இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை என்று என் வீட்டுக்காரி கிண்டல் செய்வாள்.

2012 மாசி மாதம் என்று நினைவு. ஒரு நாள் போனபோது பட்டறைப் பையன் முகம் செத்துப்போய் நின்றான். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். முந்திரிக் கிடங்கு ஒன்றுக்கு ஆறு கதவு ஆர்டர். இரண்டு முடித்திருந்தான், இரண்டும் கோணல்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான் நண்பர் மகன். "ரெண்டு ஷீட்டு வீணாப் போச்சு. இவன் கூலியிலதான் பிடிக்கணும்."

நான் அந்தக் கதவுகளைத் தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்தேன். "கை இன்னும் பழகல" என்று சொல்லிவிட்டு டீயைக் கையில் வாங்கிக்கொண்டேன். பையன் காதில் அது விழுந்தது. ஒன்றும் பேசாமல் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. கிட்டப் போய்க் கூடப் பார்க்காமல் ஒருவனின் கூலியில் கை வைக்கத் தீர்ப்புச் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது. மறுநாள் காலையிலேயே பட்டறைக்குப் போய்விட்டேன்.

வெல்டிங் கோட்டைக் கிட்டே பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரே சீராக, மீன் செதில் அடுக்கியது போல ஓடியிருந்தது. துளை இல்லை, கசடு சிக்கவில்லை. 1.2 மில்லிமீட்டர் தகட்டை 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிளோடு ஓட்டை விழாமல் பற்றவைப்பது சாதாரணக் கை வேலை இல்லை. கை நன்றாகவே பழகியிருந்தது. தவறு எந்த வரிசையில் வேலை செய்தான் என்பதில் இருந்தது.

இதைச் சொல்லும்போது என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் பெரும்பகுதி கனத்த தகட்டோடு கழிந்தது. நம் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் எவ்வளவு கடினம் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். அதைத் தோண்டும் ஜெர்மன் சக்கர எந்திரத்தின் வாளிப் பற்கள் தேய்ந்துகொண்டே இருக்கும், நாங்கள் அதன்மேல் கடின உலோகம் பூசிக்கொண்டே இருப்போம். அங்கே எங்கள் கவலை விரிசல். சீக்கிரம் ஆறிவிடக் கூடாதே என்று முன்கூட்டியே சூடேற்றி வைப்போம். மெல்லிய தகட்டில் எல்லாமே தலைகீழ். அங்கே சூடுதான் எதிரி. கனத்த இரும்பில் 36 வருடம் இருந்தவன் மெல்லிய தகட்டைப் பார்த்ததும் வாய் திறக்கக் கூடாது. நான் திறந்துவிட்டேன்.

சரி, தகடு ஏன் நெளிகிறது?

என் தாத்தா கொல்லர். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன், உங்களிலும் பலர் பார்த்திருப்பீர்கள். பட்டையை மரச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறிதாகவே செய்வார். வறட்டி அடுக்கி நெருப்பு மூட்டி, பட்டை சிவந்து விரிந்ததும் இரண்டு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டுவார்கள். உடனே குடம் குடமாகத் தண்ணீர். பட்டை சுருங்கிச் சக்கரத்தின் மூட்டுகளைக் கிறீச்சென்று இறுக்கிவிடும். சுற்றியிருக்கும் பட்டை சுருங்கினால் உள்ளே இருப்பது நெருக்கப்படும். கதவில் நடந்ததும் இதேதான். வண்டிச் சக்கரத்தில் நாம் வேண்டுமென்று செய்வதைக் கதவில் வேண்டாமல் செய்துவிடுகிறோம்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடானால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். வெல்டிங் போடும் இடத்தில் இரும்பு உருகவே செய்கிறது, சுமார் 1500 டிகிரி. அந்தக் கோடு நீளப் பார்க்கிறது, பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த தகடு விடுவதில்லை. சூட்டில் இளகிக் கிடக்கும் இரும்பு வேறு வழியில்லாமல் தனக்குள்ளேயே நசுங்கித் தடித்துக்கொள்கிறது. ஆறும்போது சுருங்குகிறது. நீளும்போதுதான் தடை, சுருங்கும்போது அது தன் பங்குக்குச் சுருங்கியே தீரும். ஆகவே முழுக்க ஆறிய பிறகு வெல்டிங் ஓடிய கோடு முன்பு இருந்ததைவிடக் குட்டையாகிவிடுகிறது.

கதவின் நான்கு விளிம்பிலும் இப்படிக் கோடு ஓடினால் நான்கு விளிம்பும் குட்டையாகும். நடுவில் இருக்கும் தகடு பழைய அளவிலேயே இருக்கும். மிச்சமான அந்தத் தகடு எங்கே போகும்? ஒன்று வெளியே உப்பும், இல்லையென்றால் உள்ளே குழியும். அழுத்தினால் இங்கிருந்து அங்கே தாவும். நண்பர் சொன்ன டொப்பு டொப்பு சத்தம் அதுதான்.

எவ்வளவு குட்டையானால் இந்தக் கோலம் வரும் என்று அன்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பையன் நம்பவில்லை. ஆகவே பட்டறையில் 2100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து ஒரு நூலைக் கொடிக்கயிறு போலக் கட்டச் சொன்னேன். முதலில் விறைப்பாக. பிறகு ஒரே ஒரு மில்லிமீட்டர் தளர்த்தினால் நடுவில் எவ்வளவு தொங்கும்? கணக்குப்படி 28 மில்லிமீட்டர். நூலைத் தளர்த்திப் பார்த்தபோது கிட்டத்தட்ட ஒன்றரை விரற்கடை தொங்கியது. தகட்டின் கதையும் இதுதான். விளிம்பு ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் நடுவில் ஒரு கிண்ணமே உண்டாகும். கனத்த தகடாக இருந்தால் தன் பலத்தால் எதிர்த்து நிற்கும். 1.2 மில்லிமீட்டர் தகட்டுக்கு அந்தப் பலம் கிடையாது. எண்ணெயில் போட்ட அப்பளம் போல வளைந்துகொடுக்கும்.

இப்போது பையன் எப்படிச் செய்தான் என்று விசாரித்தேன். சட்டத்தின்மேல் தகட்டை வைத்து, நான்கு மூலையிலும் முதலில் டேக் போட்டிருக்கிறான். பிறகு ஒரு மூலையில் ஆரம்பித்து, பெருமாள் கோயில் பிராகாரம் சுற்றுவது போல ஒரே சுற்றாக ஆறு மீட்டரையும் ஓட்டியிருக்கிறான். 3.15 ராடு, 110 ஆம்பியர். நடுவில் இருந்த இரண்டு குறுக்குச் சட்டத்தில் ஒரு டேக்கூட இல்லை.

"ஏன் தம்பி, இடையில ஆற விடக் கூடாதா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "கரண்டு போயிடுமே சார்."

அந்த வருடம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். டவுன்ஷிப்புக்குள் இருந்த எங்களுக்கு அதன் அருமை தெரியாது. வேலியைத் தாண்டினால் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத நிலை. மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் ஒரு கதவையாவது முடித்துவிட வேண்டும் என்று பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான். சோம்பலோ அலட்சியமோ இல்லை. அவசரப்பட்டது அவன் பொறுப்பினால். அந்த அவசரம்தான் கதவைக் கெடுத்தது.

நண்பர் மகனைக் கூப்பிட்டேன். "மீதி நாலு கதவையும் நான் பக்கத்துல இருந்து செய்ய வைக்கிறேன். அதுவரைக்கும் கூலிப் பேச்சை எடுக்காதே" என்றேன். அவன் அரை மனதாகத் தலையாட்டினான். அவனுக்கும் ஆர்டர் தேதி கழுத்தில் இருந்தது.

முதலில் ராடை மாற்றினோம். மெயின் பஜாரில் 2 மில்லிமீட்டர் ராடு ஒரு பாக்கெட் வாங்கிவரச் சொன்னேன், அதே 6013 ரகம்தான். ஆம்பியரை 50-க்குக் கொண்டுவந்தோம். ராடு முனையைத் தகட்டுப் பக்கம் காட்டாமல் கனமான ஆங்கிள் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சூடு ஆங்கிளில் இறங்கும், தகட்டின் விளிம்பு அதோடு உருகிச் சேரும். இது அவனுக்கே தெரிந்திருந்தது.

அடுத்தது கேள்வி: இந்தக் கதவுக்கு ஆறு மீட்டர் வெல்டிங் தேவையா? தண்ணீர்த் தொட்டி என்றால் முழுக்கப் போட்டே ஆக வேண்டும். கதவு தண்ணீர் பிடித்து வைக்கப் போவதில்லை. 125 மில்லிமீட்டருக்கு ஒரு இடத்தில் 25 மில்லிமீட்டர் போட்டால் போதும். சுற்றளவு 6000 மில்லிமீட்டர் என்றால் 48 தையல். மொத்தம் 1200 மில்லிமீட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. போடாத வெல்டிங் சுருங்காது. தகடு நெளியாமல் இருக்க இதைவிடப் பெரிய மருந்து எதுவும் இல்லை. மழைத் தண்ணீர் இடுக்கில் இறங்கித் துருப்பிடிக்குமே என்றால், அதற்குப் பிறகு மக்கு வைத்துப் பெயின்ட் அடித்துவிடலாம்.

பிறகு டேக் போடும் வரிசை. இதைப் பையனுக்குப் பாய் விரிப்பதை வைத்துச் சொன்னேன். புதுப் பாயின் நான்கு மூலையிலும் நான்கு பேர் காலை வைத்துக்கொண்டு நின்றால் நடுவில் இருக்கும் சுருக்கம் வெளியே போக வழியே கிடையாது. நடுவில் நின்று வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால்தான் படியும். மூலையில் டேக் போட்டு ஆரம்பிப்பது சுருக்கத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது.

ஆகவே தகட்டைச் சமமான மேடையில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சட்டத்தை வைத்து, முதலில் குறுக்குச் சட்டங்களின் நடுவில் சின்னதாகப் பிடித்தோம். அங்கிருந்து இருபக்கமும் 200 மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சில தையல். பிறகு புரட்டிப் போட்டு விளிம்புக்கு வந்தோம். கீல் வரும் நெட்டுப் பக்கத்தின் நடுவில் ஒரு டேக். உடனே எதிர் நெட்டுப் பக்கத்தின் நடுவில் ஒன்று. பிறகு மேல் பக்கத்தின் நடு, கீழ்ப் பக்கத்தின் நடு. அடுத்து நடுவுக்கும் மூலைக்கும் இடையில் பாதி தூரத்தில், எதிரெதிராக மாறி மாறி. அதற்கப்புறம் மீண்டும் அந்த இடைவெளிகளின் பாதியில். மூலைக்குக் கடைசியில்தான் போனோம். ஒவ்வொரு டேக்கும் 10 மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. டேக்கும் வெல்டிங்தான், அதுவும் சுருங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டேக் போடும் முன் அந்த இடத்தில் தகடு சட்டத்தோடு ஒட்டி இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் சத்தம் கெட்டியாக இருக்கும். இடைவெளி இருந்தால் கலகலக்கும். இடைவெளியோடு டேக் போட்டால் பிறகு எந்த வித்தையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது, கிளாம்ப். இரண்டு கதவுகளை முதுகோடு முதுகு சேர்த்து, தகடு இரண்டும் வெளிப்பக்கம் வரும்படி வைத்து, சுற்றிலும் சி கிளாம்ப் போட்டு இறுக்கினோம். ஒன்று இந்தப் பக்கம் வளையப் பார்த்தால் மற்றது அந்தப் பக்கம் வளையப் பார்க்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். கிளாம்புக்கும் தகட்டுக்கும் நடுவே, விளிம்பிலிருந்து 40 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, கனமான பட்டை இரும்பு ஒன்றைக் கொடுத்தோம். அது தகட்டைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும், கூடவே சூட்டையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். இப்படி நான்கு கதவு, இரண்டு ஜோடி.

கிளாம்ப் போட்டுவிட்டால் தகடு நெளியாது என்று நினைப்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. கிளாம்ப் அசையாமல் பிடிக்கும், சுருங்கும் விசையை இல்லாமல் ஆக்காது. ஆறு மீட்டரையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு எத்தனை கிளாம்ப் போட்டிருந்தாலும் கழற்றியதும் அது துள்ளிக்கொண்டு தன் வடிவத்துக்குப் போய்விடும். சூடு இருக்கும்போதே கழற்றினால் இன்னும் மோசம். முழுக்க ஆறி, வெறும் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற அளவுக்கு வந்த பிறகுதான் கழற்ற வேண்டும்.

கடைசியாக, விட்டு விட்டு வெல்டிங் போடுவது. இங்கேதான் பையன் தயங்கினான். "ஒண்ணு போட்டுட்டு ஆற விட்டு ஒண்ணு போட்டா எப்ப சார் முடியும்? கரண்டு போயிடும்" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு கதவு ஆறும்வரை கை கட்டி நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? பக்கத்தில் இன்னொரு ஜோடி இருக்கிறதே.

முதல் ஜோடியில் கீல் பக்கத்தின் நடுவில் ஒரு தையல். எழுந்து இரண்டாவது ஜோடிக்குப் போய் அங்கே நடுவில் ஒரு தையல். திரும்பி வந்து முதல் ஜோடியின் எதிர்ப்பக்க நடுவில் ஒன்று. மறுபடி இரண்டாவதில். பிறகு மேலே, கீழே. அப்புறம் போட்ட தையலுக்குப் பக்கத்தில் போடாமல் இரண்டு இடம் தாண்டி அடுத்தது. இப்படித் தாண்டித் தாண்டிப் போய், விட்ட இடங்களை மறு சுற்றில் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தையலையும் மூலைப் பக்கமாக ஓட்டாமல், மூலைப் பக்கத்தில் ஆரம்பித்து நடுப்பக்கமாக இழுத்து முடிக்கச் சொன்னேன். வேலை நடுவிலிருந்து மூலைக்குப் போகும், ஒவ்வொரு தையலும் திரும்பி நடுவைப் பார்த்து ஓடும். இரண்டு நடை முன்னே போய் ஒரு நடை பின்னே வருவது போல. சூடு ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகாமல் இருக்க இது ஒரு வழி. கால்வாசித் தையல் முடிந்ததும் மூன்று பேராகச் சேர்ந்து ஜோடியைப் புரட்டி, மறுபக்கத்துக் கதவில் அதே அளவு போட்டோம். ஒரு கதவு 38 கிலோ வரும், ஜோடி 76. என் இடுப்பு இரண்டு நாள் திட்டியது.

இதற்கு அளவுகோல் என்ன? புதுத் தையல் போடும் முன் பக்கத்தில் இருக்கும் பழைய தையல் ஓரத்தில் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு அடித்தால் அங்கே போகக் கூடாது, வேறு இடம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நேரக் கணக்கும் போட்டோம். ஒரு தையலுக்குப் பதினைந்து நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவுக்கு 48 தையல் என்றால் பன்னிரண்டு நிமிடம். நான்கு கதவுக்கும் சேர்த்து 48 நிமிடம். அதே வேகத்தில் ஒரே ஒரு கதவை முழுக்க ஓட்டினால் ஒரு மணி நேரம் ஆகும். அதாவது நான்கு கதவுக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட மின்சாரம் எரியும் நேரம், ஒரு கதவைக் கெடுக்கத் தேவைப்பட்ட நேரத்தைவிடக் குறைவு. மின்சாரம் இல்லாத நேரத்தில் சட்டத்தின் கோணம் பார்ப்பது, கிளாம்ப் மாற்றுவது, கசடு தட்டுவது, தையல் இடங்களைச் சாக்பீஸால் குறிப்பது. மின்சாரம் வந்ததும் ராடு மட்டும். இந்தக் கணக்கைக் கேட்டதும்தான் பையன் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

மறுநாள் மதியம் கிளாம்பைக் கழற்றினோம். கோணலை எப்படிச் சோதிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கதவு வாங்குகிறவர்களுக்கும் உதவும். கதவைப் படுக்க வைத்து, நான்கு மூலையிலும் ஒரே உயரமுள்ள நான்கு துண்டுக் கட்டை வையுங்கள். எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டு நூலும் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் இருந்தால் கதவு முறுக்கிக்கொள்ளவில்லை. இடைவெளி இருந்தால் முறுக்கு இருக்கிறது. மேல் நூல் கீழ் நூலை அழுத்திக்கொண்டு நின்றால் இரண்டையும் மேல் கீழாக மாற்றிக் கட்டிப் பாருங்கள், மறைந்திருந்த இடைவெளி தெரியும். நடுவில் எவ்வளவு இடைவெளியோ அதைப் போல் இரண்டு மடங்கு ஒரு மூலை தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கெட்டுப்போன முதல் கதவில் நூலுக்கு நடுவே 9 மில்லிமீட்டர் இருந்தது, மூலை 18 மில்லிமீட்டர் தூக்கல். புதிய நான்கிலும் அதிகபட்சம் ஒரு மில்லிமீட்டர். கையால் அழுத்தினால் லேசாகக் கொடுத்தது, டொப்பு சத்தம் இல்லை. கண்ணாடி போல இருந்தது என்று சொல்ல மாட்டேன். சாய்ந்த வெயிலில் பார்த்தால் தையல் ஓரங்களில் மெல்லிய அலை தெரிந்தது. கிடங்குக் கதவுக்கு அது போதும்.

மிச்சம் இருந்தது அந்த இரண்டு கோணல் கதவுகள். கூலி விவகாரம் அவற்றில்தான் இருந்தது. இங்கே தாத்தாவின் வண்டிச் சக்கரம் கைகொடுத்தது. விளிம்பு சுருங்கியதால் நடு உப்பியிருக்கிறது. விளிம்பை நீட்ட முடியாது. நடுவையும் அதே அளவு சுருக்கிவிட்டால் சரியாகிவிடும். கட்டிங் வீலால் ஆறு மீட்டர் கோட்டை இடையிடையே அறுத்துத் தையல்களாக்கினோம். பிறகு உப்பலின் மேடான பக்கத்தில் கேஸ் டார்ச்சால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புள்ளியை மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கி, டார்ச்சை எடுத்ததும் ஈரச் சாக்கால் ஒற்றி எடுத்தோம். அந்தப் புள்ளி நீள முடியாமல் நசுங்கி, ஆறும்போது தன்னைச் சுற்றி இருக்கும் தகட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அடுத்த புள்ளி அரை சாண் தள்ளி. இரண்டு மூன்று புள்ளிக்கு ஒரு தடவை நிறுத்தி, நேர்ச் சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஆர்வத்தில் அதிகமாகப் போட்டுவிட்டால் நடு இறுகி விளிம்பு அலை அலையாகிவிடும், பிறகு திரும்ப வழியில்லை. இந்த வைத்தியம் சாதாரண மென் இரும்புத் தகட்டுக்கு மட்டும். துத்தநாகம் பூசிய தகட்டில் டார்ச்சைக் காட்டினால் வெள்ளைப் புகை கிளம்பும், அது உடம்புக்கு ஆகாது. பூச்சைத் தேய்த்து எடுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

முதல் கதவு தேறியது. பார்க்க அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள், பெயின்ட் அடித்ததும் மறைந்தது. இரண்டாவது தேறவில்லை. அதில் சட்டமே முறுக்கிக்கொண்டிருந்தது. சட்டம் முறுக்கிய பிறகு தகட்டைத் திருத்திப் பயனில்லை. தகட்டைப் பிரித்து, சட்டத்தை மூலையில் வெட்டி மீண்டும் கோணம் பார்த்துச் சேர்த்து, புதுத் தகடு போட வேண்டியதாயிற்று. பழைய தகடு கிரில் ஜன்னல்களுக்கு மழைத் தடுப்பாகத் துண்டு துண்டாகப் பயன்பட்டது.

ஆக நஷ்டம் ஒரு தகடு. நண்பர் மகன் கணக்கு நோட்டை எடுத்தான். நான் அவனிடம் சொன்னேன்: "அந்த ஒரு தகட்டுக் காசை நான் தர்றேன். அன்னைக்குக் கை பழகலைன்னு சொன்னது நான். அது தப்பு." பையன் கசடு தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நண்பர் மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு நோட்டை மூடினான். "விடுங்க மாமா. 3.15 ராடு மட்டும் வாங்கி வெச்சது நான்தானே" என்றான். என்னிடம் காசு வாங்கவில்லை, பையனிடமும் பிடிக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அந்தப் பையன் தனியாகப் பட்டறை வைத்தான். ஒரு தடவை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். இரண்டு கதவுகள் முதுகோடு முதுகு கிளாம்பில் இருந்தன. ஒரு சின்னப் பையன் மூலையில் ராடை வைக்கப் போனான். "டேய், நடுவுல ஆரம்பிடா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நான் உள்ளே போகாமல் அப்படியே நடையைத் தொடர்ந்தேன்.

தொலைபேசியில் கேட்ட நண்பருக்கு: உங்கள் கதவின் விளிம்பைப் பாருங்கள், வெல்டிங் முழுக்க ஓடியிருக்கும். உள்பக்கம் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது. சத்தம் மட்டும்தான் தொந்தரவு என்றால், உப்பலை அழுத்திப் பிடித்துக்கொண்டு குறுக்குச் சட்டத்தின் நடுவிலிருந்து நான்கைந்து சின்னத் தையல் போடச் சொல்லுங்கள், பாதி குறையும். மூலை உட்காரவில்லை என்றால் நூல் கட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். இந்தத் தடவை நேரில் வந்து, கிட்ட நின்று பார்த்த பிறகே வாய் திறப்பேன்.